ஒற்றைக்கொம்பன் கிளம்பியது நம்ம பக்கத்திலிருந்துதான்

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வினாடி வினா இரவு வைத்திருந்தார்கள். முதல் சுற்றுக்கு முன்னால் புராண விலங்குகளைப் பற்றிக் கொஞ்சம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற பிள்ளைகள், ஹால் நிறைய. பேசி முடித்து இறங்கியதும் ஓர் ஆசிரியர், "என்ன சார், ஒற்றைக்கொம்பன் யூனிகார்ன் ஒன்றையே பிடித்துக்கொண்டீர்கள்? டிராகன், பீனிக்ஸ், கிரிஃபின் எல்லாம் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேனே" என்று குறைபட்டார். அவருக்கு அங்கே நின்றபடி சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

"இந்த விலங்கு உண்மையில் என்ன?" என்ற மாதிரிக் கேள்விகள்மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம் உண்டு. ஒற்றைக்கண் அரக்கன் சைக்ளோப்ஸ் எதிலிருந்து வந்தான்? யானை மண்டையோட்டிலிருந்து. கழுகுத்தலைச் சிங்கம் கிரிஃபின் எதிலிருந்து? புரோட்டோசெராடாப்ஸ் என்ற டைனோசரின் எலும்பிலிருந்து. பத்து மதிப்பெண், கைதட்டல், அடுத்த கேள்வி. இரண்டுமே கேட்கச் சுவையான ஊகங்கள்தான். சைக்ளோப்ஸ் விஷயத்தை 1914இல் ஒத்தேனியோ ஆபெல் என்ற ஆஸ்திரியத் தொல்லுயிரியலாளர் முன்வைத்தார். சிசிலித் தீவில் ஒரு காலத்தில் தோளுயரம் ஒரு மீட்டர் அளவே இருந்த குள்ள யானைகள் வாழ்ந்தன. அவற்றின் மண்டையோட்டில் தும்பிக்கைக்கான பெரிய துளை நடுநெற்றியில் ஒரு கண்குழி மாதிரியே தெரியும். பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பார்த்துத்தான் கதை கட்டினார்கள் என்று எந்தப் பழைய கிரேக்கனும் எழுதிவைக்கவில்லை.

கிரிஃபின் கதை இன்னும் ஆட்டம் காண்கிறது. கோபிப் பாலைவனத்து டைனோசர் எலும்புகளைத் தங்கம் தேடிப் போனவர்கள் கண்டு, அந்தச் செய்தி கிரேக்கர்களை எட்டியிருக்கலாம் என்று ஏட்ரியன் மேயர் என்ற வரலாற்றாய்வாளர் சொன்னார். ஆனால் எகிப்திலும் மேற்காசியாவிலும் சிங்க உடலும் கழுகுத் தலையுமாகச் செதுக்கிய உருவங்கள் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இருந்தனவே! 2024இல் விட்டன், ஹிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையெல்லாம் எடுத்துவைத்து மறுத்து எழுதினார்கள். வினாத்தாள்களில் பழைய விடையே ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ம ஊருக்கு வந்தால் யாளி. அன்று மேடை ஏறியதுமே ஒரு பையன் எழுந்து, "சார், யாளி டைனோசர்தானே?" என்றான். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். கோயில் தூணிலும், வீட்டு நிலைவாசல் தேக்கிலும் தினமும் யாளியைப் பார்த்து வளர்கிற பிள்ளை. "யாளியின் எலும்பு ஒன்றாவது எங்கேயாவது கிடைத்திருக்கிறதா? கிடைத்தால் சொல்லு, நானும் வருகிறேன்" என்றேன். சிங்கத்தின் உடம்பும் யானையின் துதிக்கையும் ஒட்டிய உருவத்துக்குச் சிங்கமும் யானையும் ஒரு நல்ல ஸ்தபதியும் போதும், டைனோசர் எதற்கு?

அதனால்தான் யூனிகார்னை எடுத்தேன். எங்கே கிளம்பியது, யார் எழுதினார், யார் குழப்பினார், யார் அவிழ்த்தார் என்று ஏட்டிலேயே தடம் இருக்கிற விலங்கு அது. கூடவே ஒரு பழைய பிஸ்கட் டப்பாவையும் கொண்டுபோயிருந்தேன். முனீஸ்வரன் கோயில் வீதிப் பழைய சாமான் கடையில் வாங்கியது. மூடியில் பிரிட்டிஷ் அரச முத்திரை: ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் யூனிகார்ன். துரு ஏறியிருந்தாலும் உருவம் தெளிவாகத் தெரியும். அதைப் பிள்ளைகள் கைமாற்றிப் பார்க்கட்டும் என்று விட்டேன். குதிரை என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், "தாடி இருக்கு சார், ஆட்டுத் தாடி" என்றாள். இன்னொருத்தன் குளம்பு பிளந்திருப்பதைக் கண்டுபிடித்தான். வால் சிங்கத்துடையது. கொம்பு வெள்ளையாக, நீளமாக, கயிறு முறுக்கின மாதிரி. ஒரே விலங்கில் இத்தனை பேருடைய உறுப்புகளா? சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

கி.மு. 400 வாக்கில் பாரசீக மன்னர் இரண்டாம் அர்தசெர்க்சஸின் அரண்மனையில் தெசியாஸ் என்ற கிரேக்க வைத்தியர் இருந்தார். இந்தியாவுக்கு வந்தவரில்லை. வந்துபோனவர்கள் சொன்னதைக் கேட்டு இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் முழு ஏடு தொலைந்துவிட்டது. 9ஆம் நூற்றாண்டில் போட்டியஸ் என்ற பைசாண்டியப் பாதிரியார் எழுதிய சுருக்கம்தான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கிறது. அதில் இந்தியாவின் காட்டுக் கழுதை ஒன்று வருகிறது. குதிரை அளவோ அதைவிடப் பெரிதோ இருக்குமாம். வெள்ளை உடம்பு, கருஞ்சிவப்புத் தலை, நீலக் கண். நெற்றியில் ஒன்றரை முழக் கொம்பு: அடி வெள்ளை, நடு கறுப்பு, நுனி சிவப்பு. அந்தக் கொம்பில் செய்த கோப்பையில் குடிப்பவரை வலிப்பும் விஷமும் அண்டாது. அதன் கணுக்கால் எலும்பைத் தானே கண்ணால் கண்டதாகவும், ஈயம் மாதிரிக் கனத்ததாகவும் சொல்கிறார். கொம்பைக் கண்டதாக அவர் சொல்லவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னேன்.

இந்தக் கழுதையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஓட்டமும் வெளிர் நிறமும் காட்டுக் கழுதையுடையவை. கட்ச் பாலைவனத்தில் இன்றும் அது ஓடுகிறது. ஒற்றைக் கொம்பும் கொம்புக்கு மருந்துச் சக்தி உண்டென்ற நம்பிக்கையும் காண்டாமிருகத்துடையவை. காண்டாமிருகம் என்றதும் அஸ்ஸாம் எங்கே, பாரசீகம் எங்கே என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்தில் அது சிந்து நதிப் பக்கம்வரை இருந்தது. அவ்வளவு ஏன், 16ஆம் நூற்றாண்டில் பாபரே பெஷாவர் பக்கம் காண்டாமிருக வேட்டை ஆடியதை எழுதியிருக்கிறார். பாரசீகப் பேரரசின் கிழக்கு எல்லையிலிருந்து வந்தவன் அதைப் பார்த்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வாய்வழியாக அரண்மனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு விலங்கும் ஒன்றாகிவிட்டன.

ஆட்டுத் தாடி வேறு இடத்தில் ஒட்டியது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட, விலங்குகளை வைத்துக் கிறிஸ்தவ உபதேசம் சொல்லும் நூல் ஒன்று உண்டு. அதில் இந்த விலங்கு ஆட்டுக்குட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வேடனுக்குப் பிடிபடாது, கன்னிப்பெண் உட்கார்ந்திருந்தால் தானாக வந்து அவள் மடியில் படுக்கும். இதைச் சொன்னதுமே தமிழாசிரியை ஒருவர், "நம்ம கலைக்கோட்டு முனிவர் கதை மாதிரி இருக்கே" என்றார். காட்டிலே தவமிருந்த கொம்பு முளைத்த முனிவரைப் பெண்களை அனுப்பி ஊருக்குள் அழைத்துவந்த கதை. அறிஞர்கள் சிலரும் அந்த ஒற்றுமையைப் பேசியிருக்கிறார்கள். ஆனால் இங்கிருந்து அங்கே போனதற்குக் கையில் காட்ட ஏடில்லை. அதனால் அதை ஊகக் கணக்கிலேயே வையுங்கள் என்றேன். சிந்துவெளி முத்திரைகளில் வரும் ஒற்றைக்கொம்பனும் அப்படித்தான். தெசியாசுக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. நடுவில் பாலம் இல்லை. அதே முத்திரைகளில் காண்டாமிருகம் தனியாக, அச்சு அசலாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கொம்பு. காண்டாமிருகத்தின் கொம்பு குட்டையாக, கறுப்பாக, நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டினால் ஆனது. டப்பாவில் இருப்பது அந்தக் கொம்பே இல்லை. அது ஆர்க்டிக் கடலில் வாழும் நார்வால் திமிங்கலத்தின் பல். ஆண் நார்வாலின் இடது மேல்தாடைப் பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு, முறுக்கியபடி மூன்று மீட்டர்வரைகூட வளரும். கிரீன்லாந்துப் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தபோது அதனுடன் திமிங்கலம் வரவில்லை, பல் மட்டும் வந்தது. வாங்கியவனுக்கு அது யூனிகார்ன் கொம்பு. அரசர்கள் விஷத்துக்குப் பயந்து வாங்கி வைத்தார்கள், மருந்துக்கடைக்காரர்கள் சுரண்டித் தூளாக விற்றார்கள். யூனிகார்ன் பெயர் வைத்த மருந்துக்கடைகளை ஜெர்மனியில் இன்றும் பார்க்கலாம்.

1638இல் கோபன்ஹேகனில் ஓலே வோர்ம் என்ற மருத்துவப் பேராசிரியர் இதை உடைத்தார். பல் ஒட்டியபடியே இருக்கிற நார்வால் மண்டையோடு ஒன்று அவருக்குக் கிடைத்தது. கொம்பு என்றால் நெற்றியில் முளைக்க வேண்டும். இது தாடையில், பல் இருக்கும் குழியில் செருகியிருக்கிறது. உள்ளே பல்லுக்குரிய பொள்ளலும் உண்டு. ஆகவே பல்தான். விஷயம் முடிந்தது என்று நினைப்பீர்கள். அதற்கு முப்பது ஆண்டுக்குப் பிறகுதான் அதே டென்மார்க்கின் அரசர்கள் அந்தத் தந்தங்களைக் கொண்டு சிம்மாசனம் செய்து முடித்தார்கள். இன்றும் ரோசன்போர்க் அரண்மனையில் இருக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. வோர்முக்கே ஒரு சந்தேகம்: யூனிகார்ன் இல்லை, சரி, ஆனால் இந்தப் பல்லாவது விஷத்தை முறிக்குமோ? விலங்குகளுக்கு விஷம் கொடுத்து, பின்னால் தந்தத் தூளையும் கொடுத்துப் பார்த்தார். அவை பிழைத்துக்கொண்டன என்று எழுதிவைத்தார். இதைச் சொல்லிவிட்டு நிறுத்தி, "அப்போ மருந்து வேலை செய்ததா?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்டேன். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். பின்வரிசையில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் மட்டும், "தூள் கொடுக்காமல் விஷம் மட்டும் கொடுத்த விலங்கு என்ன ஆச்சு சார்?" என்றாள். அதைத்தான் வோர்ம் கேட்டிருக்க வேண்டும். விஷத்தின் அளவு குறைவாக இருந்திருந்தால் தூள் இல்லாமலும் அவை பிழைத்திருக்கும். பக்கத்தில் நின்ற அறிவியல் ஆசிரியர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இருபது விலங்குகளை அடுக்கிவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்விக்கு நேரம் ஏது?

கேள்வி தயாரிக்கிற ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான். "யூனிகார்ன் உண்மையில் எது?" என்று கேட்காதீர்கள். டப்பாவைக் காட்டி, "இதில் கடலில் இருந்து வந்த உறுப்பு எது?" என்று கேளுங்கள். "வோர்ம் அதைப் பல் என்று எதைக் கொண்டு முடிவு செய்தார்?" என்று கேளுங்கள். மனப்பாடம் செய்த அணி தடுமாறும், பார்த்து யோசிக்கிற அணி சொல்லிவிடும். அன்று கடைசிச் சுற்றில் அப்படி ஒரு கேள்வி போட்டோம், முன்னிலையில் இருந்த அணி அதில்தான் கோட்டை விட்டது.

டிராகன் வேண்டுமென்று கேட்ட ஆசிரியருக்கு: அடுத்த முறை பேசுகிறேன், ஆனால் அப்போதும் ஒன்றே ஒன்றுதான். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் ஊர் நடுவில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய டிராகன் சிலை ஒன்று இருக்கிறது. 1335இல் அந்தப் பக்கம் தோண்டியெடுத்து, டிராகன் தலை என்று ஊர்மண்டபத்தில் வைத்திருந்த ஒரு மண்டையோட்டை மாதிரியாகக் கொண்டு அதன் தலையைச் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து பார்த்தபோது அது பனிக்காலத்துக் கம்பளிக் காண்டாமிருகம். அங்கேயும் அவனேதான்.