அப்ஸ்ட்ராக்ட்டில் 39 சதவீதம், அட்டவணையில் வேறு கதை

“சுருக்கம்னா சுருக்கம்தானே, அதுல போய் பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பீங்களா?” ஓர் ஆய்வுக் கட்டுரையின் அப்ஸ்ட்ராக்ட், அதாவது முன்னால் வரும் சுருக்கம், உள்ளே இருக்கும் எண்களோடு ஒத்துப்போகவில்லை என்று நேற்று நான் சொன்னதற்கு வந்த பதில் இது. அந்தச் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னது யாரென்று தெரியும். பெயர் வேண்டாம். அந்தக் கட்டுரையின் எண்களும் வேண்டாம். அதே தப்பைக் காட்ட நானே எண்களைப் போட்டு ஓர் உதாரணம் தருகிறேன், அப்போதாவது வயிற்றெரிச்சல் என்று சொல்லாமல் இருக்கிறார்களா பார்ப்போம்.

அப்ஸ்ட்ராக்ட் இப்படிச் சொல்கிறது என்று வையுங்கள்: “200 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் புதிய முறை தொற்றை 39% குறைத்தது.” படித்தவுடன் கை தட்டத் தோன்றும்.

இப்போது உள்ளே போங்கள். சேர்த்தது 200 பேர்தான், ஆனால் கணக்கில் வந்தது 186 பேர். பழைய முறையில் 94 பேரில் 15 பேருக்குத் தொற்று, அதாவது 16.0%. புதிய முறையில் 92 பேரில் 9 பேருக்கு, அதாவது 9.8%. 9.8-ஐ 16.0-ஆல் வகுத்தால் 0.61 வரும், இதுதான் ஆபத்து விகிதம். அந்த 39% இங்கேதான் பிறக்கிறது. பொய்யில்லை. ஆனால் நேரடி வித்தியாசம் 6.2 சதவீதப் புள்ளிதான். அந்த 0.61-க்கான 95% நம்பக இடைவெளியோ, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லையோ, 0.28 முதல் 1.33 வரை நீள்கிறது. 1 என்றால் இரு முறைக்கும் வித்தியாசமே இல்லை என்று பொருள், இடைவெளி அதையும் தாண்டிவிட்டது. தற்செயலை அளக்கும் பி மதிப்பும் 0.22, வழக்கமான எல்லைக்கு வெகு மேலே. தொற்று வெகுவாகக் குறைந்திருக்கலாம், கூடியும் இருக்கலாம், இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது. கட்டுரையின் கடைசிப் பத்தியே “தெளிவான வேறுபாடு தெரியவில்லை” என்று ஒழுங்காக எழுதியிருக்கும். உள்ளே அடக்கம், வாசலில் வாணவேடிக்கை.

நான் சொல்வது ஒன்றுதான்: அப்ஸ்ட்ராக்ட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் உள்ளே ஒரு முகவரி இருக்க வேண்டும்.

இது எப்போதும் திருட்டுத்தனத்தால் வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்ஸ்ட்ராக்ட் பல நேரம் மாநாட்டுக்காக முதலில் எழுதப்பட்டதாக இருக்கும். பிறகு இதழுக்காகக் கட்டுரையைச் சோதிக்கும் ரிவ்யூவர் கேட்டார் என்று சிலரை நீக்கி மறுபடி கணக்குப் போடுவார்கள். அட்டவணை மாறும், முடிவுரை மாறும். அப்ஸ்ட்ராக்ட் மட்டும் பழைய எண்ணோடு அப்படியே நிற்கும். போதாததற்கு, சமர்ப்பிக்கும் தளத்தில் அப்ஸ்ட்ராக்ட்டை ஒட்டத் தனிப்பெட்டி வேறு. கோப்பில் திருத்திவிட்டுப் பெட்டியை மறந்தால் இரண்டு அப்ஸ்ட்ராக்ட் உலவும்.

“250 சொல்லுக்குள் நம்பக இடைவெளியெல்லாம் எப்படிப் போடுவது?” என்பார்கள். இதோ: “186 பேரில் தொற்று புதிய முறையில் 9.8%, பழைய முறையில் 16.0% (ஆபத்து விகிதம் 0.61, 95% இடைவெளி 0.28–1.33), தெளிவான வேறுபாடு இல்லை.” ஒரே வரி. முன்னுரையில் “உலகளாவிய பெரும் பிரச்சினை” என்று அளக்கும் இரண்டு வாக்கியங்களை வெட்டினால் இடம் தானாக வரும்.

“ரிவ்யூவர் பார்த்துக்கொள்வார்” என்பது அடுத்தது. 1999-இல் ராய் பிட்கினும் சகாக்களும் ஆறு பெரிய மருத்துவ இதழ்களை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருப்பதோடு முரண்படுகிற, அல்லது உள்ளே இல்லவே இல்லாத தகவலைச் சொன்ன அப்ஸ்ட்ராக்ட்டுகள் இதழுக்கு இதழ் 18% முதல் 68% வரை இருந்தன. எல்லாமே ரிவ்யூவர் பார்த்து அச்சானவை.

“போக்கு ஒன்றுதானே, எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன” என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

சரிபார்க்கப் பெரிய வித்தையொன்றும் வேண்டாம். கட்டுரையின் கடைசி வடிவம் முடிந்தபிறகு (அதற்கு முன் செய்தால் வீண்) அப்ஸ்ட்ராக்ட்டை அச்செடுத்து ஒவ்வோர் எண்ணையும் வட்டமிட்டு, பக்கத்தில் “அட்டவணை 2, வரிசை 3” என்று எழுதுங்கள். எழுத முடியாத எண் வெளியே போகட்டும். சதவீதம் என்றால் எத்தனை பேரில் என்று பாருங்கள்: 9-ஐ 92-ஆல் வகுத்தால் 9.8, அந்த முறைக்குச் சேர்த்தவர்கள் 100 பேர் என்றால் 100-ஆல் வகுத்து 9. இங்கேதான் பலர் வழுக்குவது. பிறகு வினைச்சொற்கள். உள்ளே “தொடர்பு காணப்பட்டது” என்றிருந்தால் வெளியே “குறைத்தது” வரக்கூடாது. முதன்மை விளைவு என்று அறிவித்தது எதுவோ, அதுதான் முதலில் வர வேண்டும். அது தோற்றுவிட்டது என்பதற்காகப் பின்வரிசையில் ஜெயித்த ஒன்றை மணமேடையில் உட்கார வைக்கக் கூடாது. கடைசியாக, கட்டுரையின் ஆசிரியர்களில் அப்ஸ்ட்ராக்ட்டை எழுதாத ஒருவரிடம் கொடுங்கள். எழுதியவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

இதைச் சொன்னதற்குத்தான் நேற்று “குறை கண்டுபிடிக்கிற கூட்டம்” என்ற பட்டம். இருக்கட்டும். ஆனால் முழுக்கட்டுரை கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும்போது வெளியே இருப்பவர் கையில் கிடைப்பது அப்ஸ்ட்ராக்ட் ஒன்றுதான். செய்தி எழுதுகிறவரும் அதைத்தான் படிக்கிறார், அவசரத்தில் இருக்கும் மருத்துவரும் அதைத்தான். அவருக்கு 39% மட்டும் போகிறது, 0.28–1.33 போவதில்லை. உங்கள் அட்டவணை சரியாக இருக்கிறது என்று எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள். அட்டவணை சரி என்றுதான் நானும் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.