கம்ப்யூட்டர் தாங்கும், ஃபேன்தான் தாங்காது

நேத்து எங்க குடும்ப குரூப்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். பெரியப்பா "ரெண்டு ஃபேன் நாலு லைட்டுக்கு எதுக்கும்மா சைன் வேவ் இன்வெர்ட்டர், அதெல்லாம் கம்ப்யூட்டர் வச்சிருக்கறவனுக்கு"ன்னு போட, கீழ வரிசையா கட்டைவிரல். என் தம்பியோடதும் சேத்து. அம்மாவுக்கு இன்வெர்ட்டர் வாங்கினதே அவன்தானே, சைன் வேவ விட்டுட்டு சீப்ப வாங்கி ரெண்டாயிரம் ரூபா மிச்சம் பண்ணிட்டாராம் துரை.

கடைக்காரங்க பாதிப் பேரு சொல்றதும் இதேதான். ஆனா விஷயம் அப்படியே தலைகீழ். கம்ப்யூட்டர் தாங்கும். ஃபேன்தான் தாங்காது.

லேப்டாப் சார்ஜர், செல் சார்ஜர், எல்இடி டிவி எல்லாம் உள்ள வர்ற ஏசிய முதல் வேலையா டிசியா மாத்தி ஒரு கெப்பாசிட்டர்ல ரொப்பி வச்சுக்கும், அப்புறம்தான் மத்த வேலை, அதனால வர்ற கரண்ட் எந்த வடிவத்துல வந்தாலும் பெருசா கவலைப்படாது. சில டெஸ்க்டாப் சப்ளை மட்டும் முரண்டு பிடிக்கும், ஒத்துக்கறேன். ஃபேனுக்கு அந்த வசதி கிடையாது, வர்றது நேரா காயிலுக்குப் போகுது. ஈபி கரண்ட் செகண்டுக்கு 50 தடவை அலையா ஏறி இறங்கும், அந்த அலைதான் சைன் வேவ், சைன் வேவ் இன்வெர்ட்டரும் அதையேதான் குடுக்கும். சீப் இன்வெர்ட்டர்ல, அதான் மாடிஃபைடு சைன் வேவ்னு அட்டைல போட்டிருப்பானே, சடார்னு மேல குதிச்சு, அங்கயே நின்னு, பூஜ்யத்துக்கு விழுந்து, மறுபடி நின்னு, அப்புறம் கீழ குதிக்கும். அந்தக் குதிப்புல 150 ஹெர்ட்ஸ், 250 ஹெர்ட்ஸ்னு உபரியா ஒட்டிக்கிட்டு வர்றது எதுவும் ஃபேனச் சுத்த உதவாது, காயிலச் சூடாக்கும், "ங்ங்ங்"னு கத்த வைக்கும், அவ்ளோதான்.

அம்மா வீடு பெரம்பூர்ல. ஒரு மாசமா "ஃபேன் அழுவுதுடி"ங்கறாங்க. எலக்ட்ரீஷியன் வந்து கண்டென்சர் மாத்தினாரு, சத்தம் போகல. பேரிங்னு கழட்டி மாட்டினாரு, போகல. பகல்ல ஈபி கரண்ட்ல சத்தமே இல்லையே, அத ஒருத்தரும் யோசிக்கல. போன ஞாயித்துக்கிழம நான் போயி இன்வெர்ட்டருக்கு வர்ற எம்சிபியக் கீழ தள்ளினேன். தள்ளின நொடி ரீங்காரம் ஆரம்பிச்சுது. ரெகுலேட்டர 2ல வச்சா காது குடையுது, 5ல வச்சா பாதி குறையுது. ஸ்டெப் ரெகுலேட்டர் உள்ளயும் கெப்பாசிட்டர்தான், 5ல அத ஒதுக்கிட்டு கரண்ட் நேரா போகுது. நடுவுல வைக்கும்போது அந்தச் சடார் குதிப்பு ஒவ்வொண்ணுக்கும் அது வழியா கரண்ட் குத்திக்கிட்டுப் பாயும். எம்சிபிய மேல ஏத்தினேன், கப்சிப். தம்பி பக்கத்துலதான் நின்னான். "ஆமா, லைட்டா கேக்குது"ன்னான். லைட்டாவாம்!

"எங்க வீட்ல பத்து வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல"ன்னு வருவீங்க, தெரியும். ஓடும்ங்க, நான் ஓடாதுன்னா சொன்னேன்? உங்க ஃபேன் எத்தன தடவ காயில் கட்டினீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. "காசில்லாதவன் என்ன பண்ணுவான்"னா அது நியாயமான கேள்வி, பிஎல்டிசி ஃபேனும் நல்ல எல்இடியும் மட்டும்னா சீப்பே போதும், அந்த ஃபேனும் உள்ள டிசி ஆக்கித்தான் ஓடுது. ஆனா அம்மா வீட்ல இருக்கறது அப்பா காலத்துச் சாதா ஃபேன். ஃப்ரிட்ஜும் அதே கதைதான், கம்ப்ரஸர் மோட்டார் சூடாகும், சில நேரம் ஸ்டார்ட் ஆகாம உறுமிக்கிட்டே நிக்கும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் அன்னிக்கு ராத்திரி, அப்ப எங்க வீட்லயும் இந்த சீப் இன்வெர்ட்டர் சனியன்தான் இருந்துச்சு, கொசு பேட்ட அதுல சார்ஜ் போட்டேன். அர மணி நேரத்துல பிளாஸ்டிக் கருகின வாடை. பிரிச்சுப் பாத்தா, டிரான்ஸ்ஃபார்மர் வைக்காம ஒரு கெப்பாசிட்டர வச்சே வோல்ட்டேஜக் குறைக்கற சீப் சர்க்யூட், பக்கத்துல இருந்த ரெசிஸ்டர் கரியா கிடந்துச்சு. சில மலிவு எல்இடி பல்புக்குள்ளயும் இதே வித்ததான். அந்தக் கரியான போர்ட ஃபோட்டோ எடுத்து அன்னிக்கே குரூப்ல போட்டேன். யாரு பாத்தீங்க?

நான் ஈஈஈ டிப்ளமோ. அம்பத்தூர்ல பதினொரு வருஷமா யூபிஎஸ் சர்வீஸ் பாக்கறேன். ஊர்ல யார் வீட்ல கரண்ட் போனாலும் எனக்குத்தான் போன் வரும், பெரியப்பா வீட்லேர்ந்தும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்க மாட்டீங்க. கேட்டா "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், தம்பி பாத்துப்பான்". தம்பி பி.காம்.

இப்ப கரண்ட் போனா அம்மா ஃபேன ஆஃப் பண்ணிட்டு ஹால் தரையில பாய போட்டுப் படுக்கறாங்க, கையில விசிறி. பதினஞ்சாயிரத்துக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி வச்சிட்டு விசிறி.

டேய், கடையில மாத்திக் கேக்கப் போறேன், அந்த பில்ல மட்டும் அனுப்பு. மீதி ரெண்டாயிரத்த நானே போட்டுக்கறேன்.