கேக்கைக் கேட்காதீர்கள், மேசையைக் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு நம் வீட்டு பேக்கரிக் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சகோதரி ஏஐ கருவிக்கு பிராம்ப்ட் எழுதிக் கொடுத்து வரவழைத்துப் போட்ட அந்தக் கேழ்வரகு கேக் படத்தை இங்கே மறுபடியும் போட்டு, அவரை இன்னொரு முறை நோகடிக்க எனக்கு மனமில்லை. படத்தில் இருந்தது வேறு, பெட்டியில் வந்தது வேறு என்று வாடிக்கையாளர் எழுதியதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, “பிராம்ப்ட் எழுதக் கற்றுக்கொடுப்பவர்களால்தான் நம் தொழிலுக்கே கெட்ட பெயர்” என்று ஒருவர் எழுதியதும், அதற்கு வந்து குவிந்த லைக்குகளும், திங்கட்கிழமை காலையில் “இனி ஏஐ படங்களுக்கு அனுமதி இல்லை” என்று அட்மின் போட்ட அறிவிப்பும் என்னை மிகவும் வருத்தின. பெயர் சொல்லாவிட்டாலும், பிராம்ப்ட் வகுப்பு எடுக்கும் என்னைத்தான் சொன்னார்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நான் தொடக்கத்திலிருந்து சொல்லிவருவது ஒன்றுதான். கேக்கைக் கேட்காதீர்கள், மேசையைக் கேளுங்கள். கேக் உங்கள் அடுப்பிலிருந்து வரட்டும், அதைச் சுற்றியிருக்கும் பலகையும் துணியும் சுவரும் மட்டும் பிராம்ப்டிலிருந்து வரட்டும்.

அந்தச் சகோதரி பயன்படுத்தியது, பல குழுக்களில் சுற்றிவரும் ஒரு பிராம்ப்ட் தொகுப்பு. அதில் ஏறக்குறைய எல்லா வரிகளும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: அழகான கேக், பளபளப்பான கேக், வாயில் நீர் ஊறவைக்கும் கேக். அப்படி எழுதினால் கருவி உங்கள் கேக்கைக் காட்டாது, அது அதிகம் பார்த்துப் பழகிய ஏதோ ஒரு கேக்கை வரையும். கேழ்வரகு, வெல்லம், பழுப்பு நிறம் என்று எத்தனை சொல்லிக் கொடுத்தாலும் பழுப்புக் கேக் என்றால் அதற்குச் சாக்லேட் கேக்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையான கேழ்வரகு லோஃப் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மேல்பகுதி மங்கலாக, மண் நிறத்தில் இருக்கும். நடுவில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடும். வெட்டினால் உள்ளே சற்றுக் கரகரப்பாக, அங்கங்கே சிறிய துளைகளோடு இருக்கும். படத்தில் வந்ததோ கறுத்து, மினுமினுத்து, பஞ்சுபோல வழுவழுப்பாக வெட்டுப்பட்ட ஒன்று. மேலே ஒரு புதினா இலையும் இரண்டு ஸ்ட்ராபெர்ரியும் வேறு. அந்தப் பெண்ணின் விலைப்பட்டியலில் ஸ்ட்ராபெர்ரியே கிடையாது.

இது பிராம்ப்டின் குற்றமா, அந்த பிராம்ப்டில் கேக்கைக் கேட்டதன் குற்றமா? இதைத்தான் குழுவில் யாரும் பேசவில்லை.

நான் வகுப்பில் கொடுப்பது எது என்று தெரியாமலேயே என்மீது பழி போட்டவர்களுக்காக, அதே லோஃபை எடுத்துக்கொண்டு முழுமையாகச் சொல்கிறேன். முதலில் கேக்கை ஜன்னல் ஓரத்தில் வைத்து, வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி, சாய்வாக மேலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். வெயில் நேராக அடித்தால் ஜன்னலில் ஒரு பழைய வேட்டியைக் கட்ட வேண்டும். வலப் பக்கம் நிழல் மிகவும் கறுத்துத் தெரிந்தால் அங்கே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்த வேண்டும். பின்னால் அழுக்குச் சுவரோ சிலிண்டரோ தெரிந்தால் கவலை வேண்டாம், அவற்றை நீக்குவதற்குத்தானே பிராம்ப்ட். அதன் பிறகு அந்தப் படத்தை ஏற்றிவிட்டு இப்படி எழுத வேண்டும்:

```
Keep the cake exactly as in this photo: same shape, colour, crack and crumb.
Change only the surroundings.
Surface: dark matte stone slab, slightly worn.
Light: one window on the left, soft; shadow falls to the right.
Props: folded off-white cotton cloth behind, small clay bowl of ragi grain.
Camera: 45 degrees from above. No text, no fruit, no steam.
```

முதல் இரண்டு வரிகள்தான் உயிர். மூன்றாவது வரியில் நான் கேட்டிருப்பது நம் சமையலறைகளில் இருக்கும் கடப்பா கல்லைத்தான். எதையும் சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் வெள்ளைப் பளிங்குதான் வரும். பழுப்பு லோஃபுக்கு அது ஒட்டவே ஒட்டாது. பளிங்கு பளபளப்பதால் அதில் கேக்கின் பிரதிபலிப்பு விழ வேண்டும், அது பல நேரம் விழாமலோ தவறாகவோ வரும். எவர்சில்வர் டம்ளரையும் தட்டையும் நான் தவிர்க்கச் சொல்வது இதே காரணத்தால்தான். எவர்சில்வரில் ஜன்னல் தெரியும், கேக் தெரியும், எதிரே இருப்பதெல்லாம் தெரியும், கருவி அதைச் சரியாக வரைவது அரிது. மண் கிண்ணம், துணி, மரக்கரண்டி ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

வெளிச்சத்தின் வரியை ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உங்கள் கேக்கின் மீது ஏற்கெனவே ஒரு வெளிச்சம் விழுந்திருக்கிறது. இடப் பக்கம் வெளுத்து, வலப் பக்கம் நிழலாக இருக்கும் கேக்கைக் கொடுத்துவிட்டு, பிராம்ப்டில் ஜன்னலை வலப் பக்கம் வைத்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். கேக்கின் நிழல் ஒரு பக்கமும் கிண்ணத்தின் நிழல் மறுபக்கமும் விழுந்து, வெட்டி ஒட்டியதுபோலத் தெரியும். அல்லது வெளிச்சத்தைப் பொருத்துவதற்காகக் கருவி கேக்கையே புதிதாக வரைந்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் படம் அழகாக இருக்கும். வெடிப்பு இருந்த இடத்தில் வெடிப்பு இருக்காது; முந்திரி போட்ட கேக்காக இருந்தால் முந்திரிகள் இடம் மாறியிருக்கும், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். அதனால்தான் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிதாக்கி, வெட்டுமுகத்தைப் பாருங்கள் என்கிறேன். மாறியிருந்தால் அந்தப் படத்தை அழித்துவிட வேண்டும், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

“இவ்வளவு பாடுபட்டு ஜன்னலோரம் படம் எடுத்த பிறகு பிராம்ப்ட் எதற்கு, அதையே போடலாமே” என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான். பெரிய வீடும், காலியான மேசையும், பிடித்த நிறத்தில் பலகைகளும் இருப்பவர்கள் அப்படியே செய்யட்டும். எங்கள் வீட்டில் ஜன்னல் உள்ள அறைதான் கூடம், பிள்ளைகள் படிக்கும் அறை, மாமியார் ஓய்வெடுக்கும் அறை எல்லாம். கேக் வைக்க ஒரு நாற்காலிதான் கிடைக்கும். கோவையில் வடக்குப் பார்த்த ஜன்னல் என்றால் மென்மையான வெளிச்சம் வருடம் முழுவதும் கிடைக்கும் என்று எண்ணியிருந்தேன், ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. அந்த மாதங்களில் காலையில் ஒரு சிறு நேரம்தான் எனக்கு வாய்க்கும். அதற்குள் பலகையை மாற்றி, துணியை மாற்றி அடுக்க முடியாது. கேக்கை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும்.

தொழில் தொடங்கிய புதிதில் இந்த வசதி எதுவும் இல்லை. இரவில் சுட்டு, விடிவதற்கு முன்பே அனுப்பிவிடுவேன் என்பதால் படமெல்லாம் டியூப்லைட்டில்தான். வெண்ணெய்க் கிரீம் பூசிய ஒரு பிறந்தநாள் கேக்கைப் போட்டிருந்தேன், ஒரு அம்மா “இது பிஸ்தா கேக்கா?” என்று கேட்டார். டியூப்லைட்டில் வெள்ளைக் கிரீம் லேசான பச்சையாக விழுந்திருந்தது. இல்லை, வெண்ணெய்க் கிரீம் என்றேன்; அப்படியென்றால் பழசாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். அன்று காலையில் கடைந்த கிரீம் அது. உண்மையான படம் என்பதாலேயே அது உண்மையைச் சொல்லிவிடாது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தடை போட்டவர்கள் இதையும் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

அதற்காக டியூப்லைட் படத்தைக் கொடுத்து ஜன்னல் வெளிச்சத்தைக் கேட்கலாம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. வெளிச்சத்தின் தன்மையையே மாற்றச் சொன்னால் கேக்கின் மேற்பரப்பு முழுவதையும் மறுபடி வரைய வேண்டும், அதில் நம் கேக் போய்விடும். இரவில் சுடுபவர்கள் அதே வகைக் கேக்கில் ஒரு சிறு லோஃபைக் கூடுதலாகச் சுட்டு, மறுநாள் காலையில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு வேறு வழி இல்லை.

“பெரிய கம்பெனிகள் விளம்பரத்தில் செய்யாததா?” என்று சிலர் அந்தச் சகோதரிக்கு ஆதரவாகப் பேசினார்கள். அவர்கள் நல்ல மனதோடு பேசியிருக்கலாம், எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய கம்பெனியின் பிஸ்கட்டை வாங்குபவர் அதை ஏற்கெனவே தின்று பார்த்தவர். நம்மிடம் முன்பணம் அனுப்புபவருக்குப் படம் ஒன்றுதான் ஆதாரம். இன்னும் ஒன்று, அளவு. கருவிக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ என்ற கணக்கெல்லாம் தெரியாது. பக்கத்தில் வைக்கும் கிண்ணத்தைச் சின்னதாக வரைந்துவிட்டால் அரைக் கிலோ லோஃப் ஒரு கிலோவாகத் தெரியும். படத்தில் ஒரு பொய்யும் சொல்லாமலேயே ஏமாற்றிவிட்டிருப்போம். ஆகவே அளவு காட்டும் பொருள் ஒன்றை, அது கரண்டியோ கிண்ணமோ, கேக்கோடு சேர்த்து உண்மையாகவே வைத்துப் படம் எடுத்து, அதையும் மாற்றாதே என்று பிராம்ப்டில் எழுதிவிட வேண்டும்.

பெட்டியும் லேபிளும் அப்படித்தான். அவற்றைப் பிராம்ப்டில் விடவே கூடாது. தமிழ் எழுத்துகள் சிதைந்து வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நம் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் 14 இலக்கம், அதில் ஒரு இலக்கம் மாறினாலும் அது வேறு யாருடைய எண்ணோ ஆகிவிடும். முட்டை சேர்த்த கேக்குக்குப் பழுப்பு முக்கோணக் குறி வர வேண்டிய இடத்தில் பச்சைப் புள்ளியைப் போட்டுக்கொடுத்த படத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சைவம் மட்டுமே உண்பவர் அதை நம்பி வாங்கினால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது?

வகுப்புக்குப் பணம் வாங்குவதால்தான் நான் இப்படி வாதாடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள், சொல்லியும் விட்டார்கள். ஆம், பணம் வாங்குகிறேன். அதே வகுப்பில் முதல் பாடமாகச் சொல்வதைத்தான் இங்கே இலவசமாக எழுதியிருக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் ஒருவர்கூட அந்தக் குழுவில் எழுந்து “எங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை” என்று ஒரு வரி எழுதவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. அந்த லைக்குகளில் சில உங்களுடையவை.

அட்மினிடம் என் வேண்டுகோள் இது. மொத்தத் தடையை எடுத்துவிட்டு, சுற்றுப்புறம் மாற்றிய படம் போடுபவர் மாற்றாத படத்தையும் கூடவே போட வேண்டும் என்று விதி வையுங்கள். பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். அந்தச் சகோதரிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பளபளப்பான படத்தை எடுத்துவிட்டு, வெடிப்போடு இருக்கும் உங்கள் லோஃபைக் காலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதையும் எழுதிவிடுங்கள். மேசையை நான் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.