"சாப்பாட்டுக்கு முன்" என்றால் எந்தச் சாப்பாட்டுக்கு முன்?

சனிக்கிழமை கோயிலில் நடந்ததைப் பற்றிப் பேசாமல்தான் இருந்தேன். நேற்று இரவு வாட்சாப் குழுவில் வந்த அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகு இருக்க முடியவில்லை. "விரதம் தாங்காத உடம்பு விழுந்துச்சு, அதுக்கு எதுக்கு இந்த அட்டை, எதுக்கு இந்த உபதேசம், பெருமாள் விரதத்துல கிளினிக்காரங்களுக்கு என்ன வேலை" என்று பேசியிருக்கிறார்கள். விரத நாளில் சர்க்கரை மாத்திரையை எப்படிப் போடுவது என்று நான் எழுதிய அட்டையைக் கோயில் பலகையிலிருந்து கிழித்தவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன். ஆனால் அட்டையில் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்பதைக் கிழித்தவரும் ஒருமுறை முழுசாக வாசிக்க வேண்டும்.

விழுந்த அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. புரட்டாசி இரண்டாவது சனி. காலையில் வெறும் தண்ணீர், மதியம் கோயிலில் ஒருவேளை சாப்பாடு, அதுதான் அவருடைய விரதம். இருபது வருஷமாக அப்படித்தான். இனிப்பு நீர் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. காலை ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டிருக்கிறார். பன்னிரண்டே காலுக்கு வரிசையில் நின்றவர், ஜாக்கெட் முழுக்க வியர்வையாகி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "பால் எடுத்தாச்சா, வெட்டுக்கு நேரமாச்சு" என்று பேசியிருக்கிறார். பால்மரம் வெட்டுவதை அவர் விட்டுப் பல வருஷம். சுற்றி நின்றவர்கள் சாமி வந்திருக்கிறது என்று நினைத்து வழி விட்டார்கள். நான் ஓடிப் போய் விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டரில் சர்க்கரை 2.6 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

அந்த மாத்திரைப் பையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சின்ன பிளாஸ்டிக் பை, மேலே வெள்ளை ஸ்டிக்கர். கிளிக்லாசைட் 80 மில்லிகிராம். "மாக்கான் 1 பிஜி, 2 காலி செஹாரி, செபெலும் மாக்கான்." யாரோ ஒரு நல்ல மனசு பேனாவில் தமிழிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: "ஒரு நாளைக்கு இரு வேளை, உணவு உட்கொள்வதற்கு முன்." ஒரு தப்பும் இல்லாத மொழிபெயர்ப்பு. அக்காவும் ஒரு தப்பும் செய்யவில்லை. ஏழு மணிக்குப் போட்டார், சாப்பாடு ஒரு மணிக்கு. ஏழு மணி ஒரு மணிக்கு முன்தானே? எழுதியிருந்தபடியே நடந்துகொண்டார். அதனால்தான் விழுந்தார்.

நான் சொல்வது இவ்வளவுதான். மலாயில் "செபெலும் மாக்கான்" என்று எழுதியவர் மனதில் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் காலையில் பசியாறுவார்கள், இரவில் சாப்பிடுவார்கள். அதனால் அரை மணி முன்னால் என்று தனியாக எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமையில் அந்தப் பசியாறல் இல்லை. பசியாறல் இல்லாத நாளைக்கு அந்த வரியை அப்படியே தமிழாக்கினால், ஆறு மணி நேரத்துக்கு முன்னாலும் "முன்" என்றுதான் ஆகும்.

இந்த மாத்திரை செய்யும் வேலையைச் சொல்கிறேன். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியே விடச் செய்யும். சோறு வருகிறதா, விரதமா என்று அதற்குத் தெரியாது. வந்த இன்சுலின் சர்க்கரையை இறக்கும், இறக்குவதற்குச் சாப்பாட்டுச் சர்க்கரை இல்லை என்றால் ரத்தத்தில் இருப்பதையே இறக்கிவிடும். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் மருந்து இன்னும் அதிக நேரம் உடம்பில் நிற்கலாம். அதோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபோர்மின் வேறு வகை. அது தனியாக இருந்தால் இப்படித் தள்ளிவிடுவது அபூர்வம். அதைச் சாப்பாட்டோடு போடச் சொல்வது வயிற்றைப் பிரட்டாமல் இருக்க. இரண்டுக்கும் ஸ்டிக்கரில் "மாக்கான்" என்ற சொல்தான். ஒன்றுக்கு அது வயிற்றுக்காக, மற்றதற்கு அது உயிருக்காக. இந்த வித்தியாசத்தை ஸ்டிக்கர் சொல்லவில்லை. தமிழாக்கமும் சொல்லவில்லை.

அதனால்தான் அட்டையில் இப்படி எழுதினேன்: "இந்த மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சோறு சாப்பிட வேண்டும். இன்று பசியாறவில்லை என்றால் காலையில் இதைப் போடாதீர்கள். விட்ட மாத்திரையையும் சேர்த்து மதியம் இரண்டாகப் போடாதீர்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாதீர்கள், விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் கேளுங்கள்." மூன்றாவது வரி ஏன் என்று ஒருவர் கேட்டார். ஸ்டிக்கரில் ஒரு நாளைக்கு இரண்டு என்று இருக்கிறது, சாப்பாடோ ஒன்றுதான், அப்போது கணக்கைச் சரிக்கட்ட இரண்டையும் ஒரே சாப்பாட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் மருந்துக் கவுண்டரிலேயே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் கடமை தவறக் கூடாது என்ற பெருமையோடு.

"மாத்திரையை விடச் சொல்ல நீ யார், டாக்டரா" என்று கேட்டார்கள். இது நியாயமான கேள்விதான், இதற்கு மட்டும் நான் கோபப்படவில்லை. நான் பத்தொன்பது வருஷமாக மருந்து எடுத்துக் கொடுப்பவள், டாக்டர் இல்லை. அட்டையை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு டாக்டரும் ஒரு மருந்தாளுநரும் வரிவரியாகப் பார்த்தார்கள். ஊசி பற்றிய வரி அவர்கள் சேர்த்ததுதான். யாருக்கு எவ்வளவு குறைக்க வேண்டும், எந்த வேளைக்கு மாற்ற வேண்டும் என்று அட்டை சொல்லவில்லை. அதைக் கிளினிக்கில்தான் முடிவு செய்ய வேண்டும்.

"நல்ல தமிழ் இல்லை, 'போட்டால்', 'சோறு' என்று கோயில் பலகையில் எழுதலாமா" என்று இன்னொருவர். ஐயா, உங்கள் தமிழ் எனக்குப் பிடிக்கும், உங்கள் மேடைப் பேச்சுக்குக் கை தட்டியிருக்கிறேன். ஆனால் "உட்கொள்" என்று எழுதினால் லயத்தில் பிறந்த என் அம்மாவுக்குப் புரியாது. "சாப்பிடு" என்று எழுதினாலும் தப்பாகிறது. நம் ஊரில் மருந்தையும் "சாப்பிடு" என்கிறோம், மலாயிலும் "மாக்கான் உபாட்" என்பார்கள். விரதத்தில் எதையும் சாப்பிடக் கூடாது என்று இருப்பவர், ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுகிறார். அம்லோடிபினுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஒரு வாய்த் தண்ணீரில் எப்போதும் போடும் நேரத்தில் போடலாம். பெருமாள் விரதத்தில் தண்ணீர் குடிக்கிறவருக்கு அதில் என்ன தடை? "போடு" என்று எழுதியது அதற்காக. தமிழ் தெரியாமல் எழுதவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கந்த சஷ்டியில் நாலாம் நாள். பாலும் பழமும் மட்டும். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவரே தன் மாத்திரையைக் கையில் வைத்திருந்தார். "போட்டுட்டுப் படுக்கிறேன்" என்றார். நான் பார்த்துக்கொண்டே போனேன். மருந்துக் கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் சொல்பவள், என் வீட்டில் கேட்கவில்லை. பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். அம்மா வியர்த்து நனைந்து, என்னைத் தன் தங்கை பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நடுக்கமே இல்லை. இதயத்துக்குக் கொடுத்திருந்த அட்டெனோலோல் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அன்று அந்த வியர்வை மட்டுமே அடையாளம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். பதினைந்து நிமிஷத்தில் ஏறியது. சோறும் சாப்பிட்டார். சரியாகிவிட்டது என்று உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. மருந்து உள்ளே இருக்கும்வரை அப்படித்தான் இறங்கும். அன்று இரவு வார்டில்தான் இருந்தார். இதனால்தான் சனிக்கிழமை அந்த அக்காவுக்குப் பானகம் கொடுத்து எழுந்து உட்கார்ந்ததும் "சரியாயிருச்சு, வீட்டுக்குக் கொண்டு போகலாம்" என்று நீங்கள் சொன்னபோது நான் சத்தம் போட்டேன். அதைத்தான் குரல் பதிவில் திமிர் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

பானகம் கொடுத்ததால் விரதம் முறிந்துவிட்டது என்று ஒரு வாதம். கோயில் பிரசாதம்தானே அது. அதற்கு மேல் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு வலிப்பது வேறு. என் பக்கத்து வீட்டு நூருல் அக்காவுக்கும் இதே மாத்திரைதான். நோன்பு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் கூப்பிட்டு, எது சஹருக்கு, எது நோன்பு திறப்புக்கு, எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கென்று சர்வதேச வழிகாட்டியே இருக்கிறது, 2016-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்டது. எனக்கு அதில் பொறாமை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். அதைப் பார்த்து நம் ஆட்களும் "நோன்புக்குச் சொன்னதையே விரதத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே" என்கிறார்கள். வைத்துக்கொள்ள முடியாது. நோன்பில் இரவுக்குள் இரண்டு சாப்பாடு நிச்சயம், நேரமும் நிச்சயம். நம் விரதமோ வீட்டுக்கு வீடு வேறு. ஒருவருக்கு மதியச் சோறு, ஒருவருக்குப் பால் பழம், ஏகாதசியில் சிலருக்குத் துளசித் தீர்த்தம் மட்டும். கேட்டால்தான் தெரியும், டாக்டர் கேட்பதில்லை. கேட்காவிட்டால் நாம்தானே சொல்ல வேண்டும்? சொன்னால் விரதம் இருக்க விடமாட்டார்கள் என்று பயந்து மறைக்கிறோம். மறைப்பவர்களுக்காக ஓர் அட்டை எழுதினால் அதையும் கிழிக்கிறோம்.

நான் விரதத்துக்கு எதிரி என்று பேசியவர்கள், தைப்பூசத்துக்கு என் அம்மா தூக்கிய பால்குடங்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

திங்கட்கிழமை வார்டுக்குப் போனேன். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். டாக்டர் விரத நாளுக்கு அந்த மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றி, ஒன்றாகக் குறைத்திருந்தார். ஸ்டிக்கர் மட்டும் பழைய ஸ்டிக்கர். "நீ எழுதும்மா, பெருசா எழுது" என்றார். மார்க்கரால் எழுதினேன்: "சனிக்கிழமை காலையில் வேண்டாம். கோயிலில் இலை போட்ட பிறகு ஒன்று." வாய்விட்டு ஒருமுறை வாசித்தார். "இலை போட்ட பிறகா, பரிமாறின பிறகா?" என்று கேட்டார். இலை போட்டும் சோறு வர அரை மணி ஆகும் நாள் உண்டு. அடித்துவிட்டு, "இலையில் சோறு விழுந்த பிறகு" என்று மாற்றி எழுதினேன்.