வேன் ஏன் கோயிலடியில் நின்றது

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் வேனில், இரண்டு பக்கமும் ஒரு முழ உயர எழுத்தில் 'ஊனமுற்ற சிறுவர்களுக்கான கருணை இல்லம்' என்று எழுதியிருக்கும். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எட்டு வயதுப் பிள்ளையொன்றை ஏற்றப் போவோம். வேன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தடி வரைக்கும் போகும். ஆனால் அந்தத் தாய் முதல் நாளே சொல்லிவிட்டார்: "டீச்சர், வேன கீழ கோயிலடியிலயே நிப்பாட்டச் சொல்லுங்க. நான் தூக்கிட்டு வாறேன்."

மழையிலும் பனியிலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கி வருவார். கால்களில் கம்பிச் சட்டம் மாட்டிய பிள்ளை. ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவரே சொன்னார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடி நிற்கிற நேரத்தில் வேன் மேலே வரும், எல்லாரும் அந்த எழுத்தை வாசிப்பார்கள், அன்று முழுக்க மலையில் அதே பேச்சு. வேனால் அவருக்குக் கால் வலி குறைந்திருக்க வேண்டும். அந்தப் பெயரால் கூடியது.

இப்போது நாங்கள் ஏழு பேர் சேர்ந்து இப்படியான பிள்ளைகளுக்கென ஓர் அறக்கட்டளை தொடங்குகிறோம். மூன்று கூட்டம் பெயருக்கே போய்விட்டது. 'பேருக்கா இவ்வளவு சண்டை' என்று கேட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதல் கூட்டத்தில் வந்த பெயர்களில் பாதி பூவும் மொட்டும். மொட்டு என்றதும் ஒருவர் சிரித்துவிட்டார், இலங்கையில் அது எந்தக் கட்சியின் சின்னம் என்று எல்லாருக்கும் தெரியும். சேவல், மண்வெட்டி, வீடு, யானை எல்லாம் ஏற்கெனவே கட்சிகளிடம் போய்விட்டன. சரி, 'கொழுந்து' வைப்போமா, மலையகத்துப் பெயராச்சே என்றார் இன்னொருவர். தேயிலைக் கொழுந்து எதற்காக வளர்கிறது? பறிப்பதற்கு, பிறகு தராசில் போட்டு நிறை போதாது என்று சொல்வதற்கு. நான் வேண்டாம் என்றேன். 'சிறகொடிந்த', 'கருகாத', 'உதிராத' என்று தொடங்கும் பெயர்களுக்கும் இதே கோளாறுதான். கருகவில்லை என்று சொல்வதற்காகவே முதலில் கருகலை நினைவூட்டுகின்றன.

அடுத்தது 'இல்லம்'. கேட்க இதமான சொல். ஆனால் எங்கள் பிள்ளைகள் காலையில் வந்து பிற்பகலில் வீட்டுக்குப் போகிறவர்கள், அம்மா அப்பா உள்ளவர்கள். இல்லம் என்று எழுதினால் அநாதைகள் தங்கும் இடம் என்றே ஊர் எண்ணும். பிறந்தநாளுக்குச் சோற்றுப் பார்சலோடும் கேமராவோடும் வருவார்கள். எங்களுக்கு வேண்டியது பேச்சுப் பயிற்சியாளரின் வரவு, வேனுக்கு டீசல். 'கருணை இல்லம்' என்ற பெயரைப் பார்ப்பவருக்குச் சோறு போடுவதுதான் தோன்றும், டீசல் தோன்றாது.

'தெய்வக் குழந்தைகள்' என்ற பெயரை நல்ல மனதோடுதான் ஒருவர் சொன்னார். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தாய் மெதுவாகச் சொன்னார்: "சாமியாக்கிட்டா பள்ளிக்கூடத்துல சேக்கத் தேவையில்லதானே சேர்?" இந்தியாவில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 2015 இல் பிரதமர் மோடி 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தார், தெய்விக உறுப்புடையவர் என்று பொருள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல அப்போதே எதிர்த்தன. 2019 இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவும் அந்தச் சொல் குறித்துக் கவலை தெரிவித்தது. மேலே தூக்கி வைத்தாலும் கீழே இறக்கி வைத்தாலும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையோடு ஒரே வாங்கில் உட்கார முடியாது.

அப்படியானால் நல்ல சொல் ஒன்றைத் தேடிப் போடுவோமே, 'மாற்றுத்திறனாளிச் சிறார்', 'விசேட தேவையுடைய பிள்ளைகள்' என்று? இங்கேதான் நானும் கொஞ்ச நாள் தடுமாறினேன். நல்ல சொற்கள்தான், அவற்றைப் புழங்க வேண்டும். ஆனால் பெயர்ப் பலகையில் ஏறினால் எந்த நல்ல சொல்லும் தேய்கிறது. எங்கள் பாடசாலை முற்றத்தில் 'விசேடம்' என்பது ஏற்கெனவே ஒரு கிண்டல். பிரிட்டனில் 1952 இல் தொடங்கிய ஒரு சங்கம் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' என்றே பெயர் பெற்றிருந்தது. அப்போது 'ஸ்பாஸ்டிக்' என்பது தசை விறைப்புள்ளவரைக் குறிக்கும் வெறும் மருத்துவச் சொல். பிறகு பள்ளி முற்றங்களில் வசையாகிவிட்டது. 1994 இல் 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொண்டார்கள், எந்த நிலைமையையும் குறிக்காத பெயர். கொஞ்ச நாளில் அதையும் பிள்ளைகள் வசையாக்கப் பார்த்தார்கள் என்பது வேறு கதை. பெயரை மாற்றுவதால் ஊர் வாய் மாறாது, அது எனக்கும் தெரியும். ஆனால் பலகையில் நோயின் பெயர் இல்லாவிட்டால் வேனில் ஏறும் பிள்ளையின் மருத்துவ அறிக்கையை ஊர் வாசிக்காது. எனக்கு அது போதும்.

'இன்னாருக்கான அறக்கட்டளை என்று பெயரிலேயே இல்லாவிட்டால் பதிவு செய்வார்களா' என்ற பயம் பலருக்கு இருந்தது. பத்திரம் எழுதித் தரும் நொத்தாரிசு ஐயா அதைத் தீர்த்துவைத்தார். அறக்கட்டளைகளுக்கான சட்டம் 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அது கேட்பது எண்ணம், நோக்கம், பயன் பெறுவோர், சொத்து, இவை தெளிவாக இருக்க வேண்டும் என்பதைத்தான். யாருக்காக என்பது பத்திரத்தின் நோக்கப் பகுதிக்குள் போக வேண்டிய விஷயம். அங்கே பூசி மெழுகக் கூடாது. பார்வை, செவிப்புலன், உடல் இயக்கம், அறிவு வளர்ச்சி என்று சட்டம் புழங்கும் நேரடிச் சொற்களில், வயதெல்லையோடு எழுதினோம். நாளைக்கு யாராவது பணத்தை வேறு வேலைக்கு எடுக்கப் பார்த்தால் தடுக்கப் போவது அந்தப் பகுதிதான்.

அப்புறம் எழுத்துப் பிரச்சினை. பலகை சிங்களத்திலும் வர வேண்டும். சிங்களத்தில் ழகரம் இல்லை. நாங்கள் ஆசைப்பட்ட 'எழில்' அங்கே போனால் 'எலில்' ஆகிவிடும், 'நிழல்' 'நிலல்' ஆகும். அரசாங்க அலுவலகத்திலும் வங்கியிலும் நாளெல்லாம் பெயரைத் தவறாகக் கூப்பிடுவார்கள். இரண்டையும் விட்டோம்.

கடைசியில் ஒரு சோதனை வைத்தோம். ஆறாம் ஆண்டில் படிக்கும் ஓர் அண்ணனிடம் வகுப்பில் 'உன் தங்கச்சி எங்கே படிக்கிறாள்' என்று கேட்டால் அவன் தலை குனியாமல் சொல்லக்கூடிய பெயர் எது? அப்போதுதான் எங்கள் தோட்டத்திலேயே பதில் இருப்பது தெரிந்தது: பிள்ளைக் காம்பரா. ஏழைப் பிள்ளை, பாவப்பட்ட பிள்ளை என்று எந்த அடைமொழியும் அதில் இல்லை. தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகள் இருக்கும் அறை, அவ்வளவுதான். அதே மாதிரி வைத்தோம்: எங்கள் ஊர்ப் பெயர், அதன் பின்னால் 'பிள்ளைகள் கல்வி அறக்கட்டளை'. பத்திரம் இன்னும் பதியவில்லை, அதனால் ஊரை இங்கே எழுதவில்லை.

கொழும்பிலிருக்கும் என் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, "பரிதாபம் இல்லாட்டி யார் காசு தருவா?" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, சிலர் தர மாட்டார்கள். அவர்களுக்காக உதவி கேட்கும் கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு மாத வேன் செலவு இவ்வளவு, பயிற்சி ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. எந்தப் பிள்ளைகளுக்கு என்ன சேவை என்ற விவரம் பிள்ளைக் காம்பராவிலும் தோட்ட மருந்துச் சாலையிலும் ஒட்டும் அறிவித்தலில் இருக்கும், தேடுகிற தாய்க்கு அது போதும்.

வேனுக்கு எழுத வந்த பெயின்டர் சக்கர நாற்காலிப் படம் போடவா என்று கேட்டார். படம் வேண்டாம், தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள் என்றோம். மஞ்சள் பெயின்ட் முடிந்துவிட்டதாம், அடுத்த கிழமைதான் வருவார்.