மூன்று வாரத்தில் பழசாகிற குர்த்தி

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் எங்கு பார்த்தாலும் பிஸ்தா பச்சைக் குர்த்தி. இப்போது ஒயின் கலர்தானாம், பச்சையைப் போட்டுப் போனால் "இன்னுமா இது?" என்கிறார்கள். துணி என்ன பாவம் செய்தது? 39 வெள்ளிக் குர்த்தியை இரண்டு தடவை போட்டுவிட்டு மூலையில் வைத்தால், ஒரு தடவைக்கு 19 வெள்ளி 50 காசு. இதுவா மலிவு?

பிடித்துப்போய்த் தொடர்ந்து போடலாமென்றாலும் குர்த்தி தயாரிப்பவர்கள் விடமாட்டார்கள். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஓவர்லாக் தையலோடு துணி முடிந்துவிடும். தையல்காரர் தைத்த பிளவுசில் பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது உள்ளே விட்டிருப்பார். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். இந்தக் குர்த்தியில் பிரித்தால் விடுவதற்குத் துணியே கிடையாது, ஓரம் நூல் நூலாக வரும். சரிசெய்ய முடியாதபடி வெட்டிவிட்டு, அடுத்த கலரை நீட்டுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.