கையில் வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி

அந்தப் பதிவையும் அதன் கீழே நடந்த கூத்தையும் நேற்றிலிருந்து நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் மறுபடியும் அதைப் பகிரப் போவதில்லை. வேலையை விட்டுக் கிளம்பும் ஓர் இளைஞர், தமக்குக் கிடைத்த ஈசாப், அதாவது முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கிக்கொள்ள நிறுவனம் ஊழியருக்குத் தரும் உரிமை, அதன்படி பங்குகளை வாங்க நிறுவனம் கேட்ட வரித்தொகையைப் பார்த்துத் திகைத்து நான்கு வரி எழுதினார். அதற்கு வந்த பதில்களில் பாதி, "கோடீஸ்வரருக்கு வந்த கவலையைப் பாருங்கள்" என்ற வகை. மீதிப் பாதி, "வருமானம் வந்தால் வரி கட்டத்தானே வேண்டும்" என்ற உபதேசம். கிண்டல் செய்தவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. உபதேசம் செய்தவர்களில் இரண்டு பேர் கணக்குத் தணிக்கைத் துறையில் இருப்பவர்கள் என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈசாப்புக்கு வரியே கூடாது என்று அந்த இளைஞரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பணம் வரும்போது வரியைக் கேளுங்கள் என்பது மட்டுமே கோரிக்கை. இந்த ஒரு வாக்கியத்தை இந்தப் பதிவில் நான் பல முறை சொல்வேன், படித்த பிறகும் "அப்படியென்றால் வரியே வேண்டாமா?" என்று யாராவது பின்னூட்டம் இடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கணக்கைப் பார்ப்போம். நாணயம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒருவருக்கு 5,000 பங்குகளை, பங்கு ஒன்றுக்கு 10 என்ற விலையில் வாங்கும் உரிமை இருக்கிறது. அவர் அதைப் பயன்படுத்தும் நாளில், பங்கின் நியாயமான சந்தை மதிப்பு 410 என்று மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. பங்குகளுக்கு அவர் கொடுக்க வேண்டியது மொத்தம் 50,000. இடைவெளி பங்குக்கு 400 வீதம் 20 லட்சம். சட்டம் இந்த 20 லட்சத்தை அவருடைய சம்பளத்தோடு சேர்த்துவிடுகிறது. வரி விகிதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 6 லட்சம். ஆக, ஒரு காசு கூடக் கைக்கு வராத அந்த நாளில் அவர் 6 லட்சத்து 50 ஆயிரத்தை எடுத்து வைக்க வேண்டும். அவருடைய மாதச் சம்பளம் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும் என்றால், அந்த மாதச் சம்பளம் முழுவதையும் பிடித்துக்கொண்டாலும் வரியில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். மீதியைக் கொண்டுவந்து கட்டினால்தான் பங்கு உன் பெயருக்கு மாறும் என்று நிறுவனம் சொல்லிவிடும். நிறுவனத்தையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் வரியைப் பிடித்துச் செலுத்தும் கடமையைச் சட்டம் அதன் தலையில்தான் வைத்திருக்கிறது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் இதில் பெரிய சிக்கல் இல்லை. அன்றே ஒரு பகுதியை விற்று வரியைக் கட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். பட்டியலிடப்படாத நிறுவனத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. பங்கை யாருக்கும் விற்க முடியாது. விற்க ஆள் கிடைத்தாலும் இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். பெரும்பாலும் அது கிடைக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊர்க் கிழவிக்குத் தெரிந்தது. ஏட்டில் இருக்கிற சுரைக்காய்க்கு வரியை மட்டும் ரொக்கமாகக் கேட்கலாம் என்பது நவீன நிதிச் சட்டத்தின் கண்டுபிடிப்பு.

இனி, அந்த இரண்டு தணிக்கையாளர்கள் பேசாமல் விட்ட பகுதி. இரண்டு ஆண்டுகள் கழித்து நிறுவனம் சரிந்து, நம் கற்பனை ஊழியரால் பங்கை 60-க்குத்தான் விற்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வந்தது 3 லட்சம். அவர் போட்டது, வரியோடு சேர்த்து, ஆறரை லட்சம். வரியை விட்டுப் பார்த்தால், பங்கு வாங்கியதில் உண்மையில் அவருக்கு இரண்டரை லட்சம் லாபம். அந்த லாபத்துக்கு அவர் கட்டிய வரி 6 லட்சம். சட்டத்தின் பார்வையிலோ அவர் அன்று 20 லட்சம் சம்பளம் வாங்கினார், பிறகு 410-க்கு வாங்கிய பங்கை 60-க்கு விற்றுப் பதினேழரை லட்சம் மூலதன நஷ்டம் அடைந்தார். இரண்டையும் நேர் செய்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். இந்தியாவில் நேர் செய்ய முடியாது. மூலதன நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. வேறு மூலதன ஆதாயம் வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம், அதுவும் எட்டு ஆண்டுகளுக்குள். அமெரிக்காவில் ஆண்டுக்கு 3,000 டாலர் வரைதான் மற்ற வருமானத்தில் கழிக்கலாம். பங்கைத் தவிர வேறு சொத்து இல்லாத சம்பளக்காரர் எந்த ஆதாயத்தில் கழிப்பார்?

இது கற்பனைப் பயம் என்று சொல்பவர்கள் 2000-ஆம் ஆண்டைப் பார்க்கலாம். அமெரிக்காவில் தொழில்நுட்பப் பங்குகள் உச்சத்தில் இருந்தபோது பல ஊழியர்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்திப் பங்குகளை வாங்கி, விற்காமல் வைத்திருந்தார்கள். ஆண்டு முடிந்து மாற்றுக் குறைந்தபட்ச வரி என்ற கணக்கின்படி அந்த இடைவெளிக்கு வரி வந்தபோது, பங்குகளின் மதிப்பு வரியை விடக் கீழே போயிருந்தது. வீட்டை விற்றவர்கள் உண்டு. 2008-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே தலையிட்டு, அந்த வகையில் கட்டப்படாமல் நின்ற வரியைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்களின் கவலையோடு அழுதவர்கள் என்று நினைத்தா தள்ளுபடி செய்தார்கள்?

"அப்படியானால் உரிமையைப் பயன்படுத்தாமல் காத்திருக்க வேண்டியதுதானே, யார் அவசரப்படுத்தியது?" இதுதான் நேற்று அதிகம் விருப்பக்குறி வாங்கிய கேள்வி. அவசரப்படுத்துவது ஒப்பந்தம். வேலையை விட்ட பிறகு, பல நிறுவனங்களில், தொண்ணூறு நாள்களுக்குள் வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த உரிமை காலாவதியாகிவிடும். என்னோடு வேலை செய்த ஒருவர், நிறுவனத்தின் முதல் பொருளைத் தூக்கமில்லாமல் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர், படுக்கையில் விழுந்த தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார். மருத்துவமனைச் செலவும் இந்த வரியும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. அவர் எதை விட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய உரிமைகள் திரும்பிப் பொதுத் தொகுப்புக்குப் போய், அடுத்து வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அவர் பெயர் அங்கே இன்று யாருக்கும் தெரியாது. "காத்திருக்க வேண்டியதுதானே" என்று எழுதிய நண்பர், அந்த அம்மாளிடம் போய் இதைச் சொல்லட்டும்.

என் கதையையும் கேட்பார்கள். நான் கணக்குப் போடாமல் இறங்கியவன் அல்லன். கடன் வாங்கி வரியைக் கட்டினேன், பங்குகள் இன்னும் என் பெயரில் இருக்கின்றன, விற்க முடியவில்லை, தவணை மட்டும் நேரம் தவறாமல் போகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டின் படிவம் 16-ஐப் பார்த்த வங்கி அதிகாரி, சம்பளம் திடீரென்று இவ்வளவு உயர்ந்திருக்கிறதே என்று வாழ்த்திவிட்டு, இன்னும் பெரிய கடன் தரத் தயார் என்றார்.

"போனசுக்கு வரி கட்டுகிறீர்களே, இதுவும் அதுபோலத்தானே" என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. போனஸ் வங்கிக் கணக்கில் விழுகிறது. வரி போக மீதி வருகிறது. பங்கில் அப்படி ஒரு மீதி இல்லை.

"விற்கும்போது மட்டும் வரி என்றால் பெரும் பங்குதாரர்கள் விற்காமலே பங்கை அடகு வைத்துப் பணம் எடுத்து வரியைத் தள்ளிக்கொண்டே போவார்கள்" என்பது ஓரளவு நியாயமான கவலை. அடகு வைத்தாலும் வரி வரும் என்று சட்டத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போயிற்று. பெரிய மீன்களுக்கு விரித்த வலையில் எங்களைப் பிடிக்காதீர்கள்.

இந்தியாவில் 2020-இல் சலுகை வந்ததே என்பார்கள். வந்தது. தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மட்டும் வந்தது. அவர்கள் வரியைத் தள்ளிப்போடலாம். ஆனால் சுமார் ஐந்து ஆண்டுகள் முடிவது, பங்கை விற்பது, வேலையை விடுவது ஆகிய மூன்றில் எது முதலில் நடக்கிறதோ அதிலிருந்து 14 நாள்களுக்குள் கட்ட வேண்டும். வேலையை விடும் நாளில்தான் மனிதனுக்குப் பணமுடை. அந்த நாளையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, தள்ளிப்போவது தேதி மட்டுமே, தொகை அல்ல. ஐந்து ஆண்டுகளில் பங்கு 410-இலிருந்து 60-க்கு வந்தாலும் வரி அந்தப் பழைய 400 இடைவெளிக்குத்தான். மாறாக ஆஸ்திரேலியா, வேலையை விடுவதை வரிக்குரிய நிகழ்வுகளின் பட்டியலிலிருந்தே 2022 ஜூலை முதல் நீக்கிவிட்டது. செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த 410 எங்கிருந்து வருகிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. பட்டியலிடப்படாத நிறுவனத்துக்கு இந்தியாவில் ஒரு மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பிட்டுத் தர வேண்டும். அந்த மதிப்பீடு, உரிமையைப் பயன்படுத்தும் நாளுக்கு 180 நாள் முந்தையதாகக் கூட இருக்கலாம். ஆறு மாதத்தில் ஒரு ஸ்டார்ட்அப்புக்கு என்னவெல்லாம் ஆகும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். முதலீட்டாளர்கள் கொடுக்கும் பெரிய விலையோ முன்னுரிமைப் பங்குக்கானது. நிறுவனம் விற்கப்பட்டால் முதலில் பணம் எடுப்பது அவர்கள்; ஊழியரின் சாதாரணப் பங்கு வரிசையின் கடைசியில் நிற்கும். அந்த வேறுபாட்டைக் கழிக்காமல் மதிப்பிட்டால், நமக்கு இல்லாத உரிமைக்கும் சேர்த்து நாம் வரி கட்டுகிறோம். அறிக்கை எந்தத் தேதிக்கானது, எந்த வகைப் பங்குக்கானது என்று நான் எழுதிக் கேட்டேன். "ரகசிய ஆவணம், உங்கள் வரி ஆலோசகரை அணுகவும்" என்று பதில் வந்தது. என் ஆலோசகர் அறிக்கையைக் கேட்டார். அவர் கேட்டதை மனிதவளத் துறைக்கு அனுப்பி வைத்தேன். அதே பதிலை, என் பெயரைக் கூட மாற்றி எழுதி, மறுபடியும் அனுப்பினார்கள்.